கண்டியில் பிறந்த குழந்தை, இந்தியத் தாய்: ஓராண்டுக்குள் முடிக்க வேண்டிய பதிவு

கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவை பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தியாவிலிருந்து மருமகள் வருவது புதிதல்ல. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் திருச்சியிலும் இருக்கிறார்கள். போக்குவரத்து அறுந்தாலும் உறவு அறவில்லை. முறை பார்த்துப் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்றும் நடக்கிறது.

அப்படிக் கம்பளைக்கு மருமகளாக வந்த ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். அவள் இந்தியப் பிரஜை. வதிவிட விசாவில் இங்கே வாழ்கிறாள். கணவன் இலங்கைப் பிரஜை. கண்டி தேசிய வைத்தியசாலையில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. தகப்பன் இலங்கையர் என்பதால், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி குழந்தை பிறந்த அன்றே இலங்கைப் பிரஜை. இதற்குத் தனி விண்ணப்பம் எதுவும் வேண்டியதில்லை.

தாய் வழியாக இந்தியப் பிரஜாவுரிமையும் அந்தக் குழந்தைக்குக் கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் அது தானாக வந்து சேராது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தகப்பன் இந்தியராக இருந்தால் மட்டுமே உரிமை என்றிருந்த பழைய விதி 1992 டிசம்பர் 10இல் மாறி, தாய் இந்தியராக இருந்தாலும் போதும் என்றானது. 2004 டிசம்பர் 3 முதல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது. பிறந்து ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகம் ஒன்றில் பிறப்பைப் பதிவு செய்யாவிட்டால் அந்தக் குழந்தை வம்சாவளி வழி இந்தியப் பிரஜையாகாது. மத்திய மலைநாட்டாருக்கு அந்தப் பதிவுக்குரிய இடம் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம். ஒப்பந்தக் காலத்தில் இந்தியக் கடவுச்சீட்டுக்காக மலையகத் தொழிலாளர்கள் படியேறிய அதே அலுவலகம்தான்.

பல குடும்பங்கள் இடறி விழுவது கால எல்லையில் அல்ல, கடவுச்சீட்டில். பிறப்பைப் பதிவு செய்யும்போது, குழந்தை வேறு எந்த நாட்டின் கடவுச்சீட்டையும் வைத்திருக்கவில்லை என்று பெற்றோர் இருவரும் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்கிறது இந்தியச் சட்டம். சட்டம் கேட்பது கடவுச்சீட்டைத்தான், பிரஜாவுரிமையை அல்ல. குழந்தை பிறப்பால் இலங்கைப் பிரஜையாக இருப்பது பதிவுக்குத் தடையாகாது. இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்திருந்தால்தான் தடை. நடப்பது என்னவென்றால், ஊரிலிருக்கும் அம்மாச்சிக்குப் பேத்தியைக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில், குழந்தைக்கு ஐந்தாறு மாதமாகும்போதே இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து, இந்திய விசாவும் வாங்கிப் போய் வந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பதிவுக்குப் போனால் அந்த உறுதிமொழியில் உண்மையாகக் கையெழுத்திட முடியாது. மறைத்துக் கையெழுத்திடுவது இந்தியச் சட்டப்படி ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அந்தக் குடும்பங்களுக்கு மிஞ்சும் வழி, வெளிநாடு வாழ் இந்தியக் குடியுரிமை அட்டை, அதாவது ஓசிஐ. அது நீண்டகால விசாவைப் போன்ற வசதி. வாக்குரிமையோ இந்தியக் கடவுச்சீட்டோ தராது. ஆகவே, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதைக் குடும்பம் முதலில் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். அலைச்சலெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தியக் கடவுச்சீட்டுத்தான் என்று முடிவானால், வேலை தொடங்குவது ஸ்தானிகராலயத்தில் அல்ல, பிறப்புப் பதிவாளரிடம். இலங்கைச் சட்டப்படி பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு நடப்பது குழந்தை பிறந்த இடத்தில். குடும்பம் கம்பளையில் இருந்தாலும் வைத்தியசாலை கண்டி நகரில் இருப்பதால் பதிவேடு கங்கவட்ட கோரளைப் பிரிவில் இருக்கும். இது தெரியாமல் கம்பளையில் உடபலாத்த பிரதேச செயலகத்துக்குப் போய் நாளைக் கழிப்பவர்கள் உண்டு.

கண்டிப் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதப்படுகிறது. ஸ்தானிகராலயத்துக்கு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்து தருவார். சிக்கல் முளைப்பது இங்கேதான். தாயின் பெயர் முதலில் தமிழ் ஒலியிலிருந்து சிங்கள எழுத்துக்குப் போகிறது, பிறகு அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வருகிறது. தமிழ்நாட்டில் வாங்கிய கடவுச்சீட்டில் Lakshmi என்றிருக்கும் பெயர், மலையக வழக்கப்படி மொழிபெயர்ப்பில் Letchumy என்று வந்து நிற்கும். மொழிபெயர்ப்பாளர் மீது பிழையில்லை. நம் ஊரில் அந்தப் பெயரை அப்படித்தான் எழுதுவார்கள். எனவே சான்றிதழை மட்டும் கொடுக்காமல் தாய், தகப்பன் இருவரது கடவுச்சீட்டுப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, பெயர்களை அதிலுள்ளபடியே எழுதச் சொல்ல வேண்டும்.

எழுத்துக்கூட்டலை இப்படிச் சரிப்படுத்திவிடலாம். பெயரின் வரிசை அவ்வளவு எளிதில் சரிவராது. இலங்கைச் சான்றிதழில் தாயின் முழுப்பெயர் அவளுடைய தகப்பன் பெயரோடு தொடங்கும். இந்தியக் கடவுச்சீட்டிலோ இயற்பெயர் ஒரு வரியிலும் குடும்பப்பெயர் இன்னொரு வரியிலும் இருக்கும். குடும்பப்பெயர் வரி வெறுமையாக இருப்பதும் உண்டு. திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தால் மூன்றாவது வடிவம் ஒன்றும் வந்துவிடுகிறது. ஆள் ஒருத்திதான் என்பது வீட்டாருக்குத் தெரியும். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு அதைச் சொல்ல ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதம்தான் முகப்புக் கடிதம்.

இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பியாகிவிட்டதே, கடிதம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். indiancitizenshiponline.nic.in தளத்தில் நிரப்பி அச்செடுக்கும் முதலாம் இலக்கப் படிவம், பெட்டிக்குள் அடங்கும் தகவலை மட்டுமே கேட்கிறது. பெயர் ஏன் இரு விதமாக இருக்கிறது, தகப்பன் வேறு நாட்டவர் என்பதால் எந்த ஆவணம் எங்கிருந்து வந்தது, ஏன் பதினோராவது மாதத்தில் வருகிறீர்கள் என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. அந்தக் கேள்விகளை அதிகாரி கேட்கும் முன்பே கடிதம் பதில் சொல்லிவிட்டால் கோப்பு திரும்பி வராது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில், இருவரும் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும். நம் கம்பளைத் தம்பதியின் கடிதத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“இந்தியக் கடவுச்சீட்டு இலக்கம் இன்னது உடைய நானும், இலங்கைப் பிரஜையான என் கணவரும், 2025 மார்ச் 14ஆம் திகதி கண்டி தேசிய வைத்தியசாலையில் பிறந்த எங்கள் மகளின் பிறப்பை, 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 4(1) பிரிவின் கீழ்ப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். குழந்தை பிறந்த நாளில் நான் இந்தியப் பிரஜையாக இருந்தேன், இன்றும் இருக்கிறேன். குழந்தைக்கு இலங்கைக் கடவுச்சீட்டோ வேறு நாட்டுக் கடவுச்சீட்டோ எடுக்கப்படவில்லை. பிறப்புச் சான்றிதழில் என் பெயர் என் தகப்பனார் பெயரை முன்னிட்டும், கடவுச்சீட்டில் அது இல்லாமலும் எழுதப்பட்டுள்ளது. இரண்டும் என்னையே குறிக்கும். இதற்கான சத்தியக்கடதாசியும் எங்கள் விவாகச் சான்றிதழும் இணைக்கப்பட்டுள்ளன. குழந்தையின் பெயர் பதிவிலும் கடவுச்சீட்டிலும் பின்வருமாறு அமைய வேண்டும்.”

அதன் கீழே குழந்தையின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில், இயற்பெயர் வேறாகவும் குடும்பப்பெயர் வேறாகவும். அதற்கும் கீழே இணைப்புகளின் பட்டியல்: அச்செடுத்த படிவம், பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும், விவாகச் சான்றிதழ், இருவரது கடவுச்சீட்டுப் பிரதிகள், தாயின் வதிவிட விசா, சத்தியக்கடதாசி. கோப்பில் காகிதங்களும் இதே வரிசையில் இருந்தால் சரிபார்ப்பவருக்குத் தேட வேண்டியிருக்காது.

இந்தக் கடிதத்தில் மிக முக்கியமான வரி எதுவென்று கேட்டால், குழந்தை பிறந்த நாளில் தாய் இந்தியப் பிரஜையாக இருந்தாள் என்பதைச் சொல்வேன். சட்டம் பார்ப்பது விண்ணப்பிக்கும் நாளை அல்ல, பிறந்த நாளை. திருமணத்துக்குப் பின் இலங்கைப் பிரஜாவுரிமை பெற்றுவிட்ட பெண்ணுக்கு அதன் பிறகு பிறக்கும் பிள்ளை, தாய் வழியாக இந்த உரிமையைக் கோர முடியாது. பிள்ளை பிறந்த பின் அவள் மாறியிருந்தால் கதை வேறு; இரண்டு திகதிகளையும் கடிதத்தில் தெளிவாக எழுத வேண்டும். தாய்க்கு இந்திய உரிமை வந்த விதத்தையும் பார்ப்பார்கள். அவள் இந்தியாவில் பிறந்தவளா, அவளும் வெளிநாட்டில் பிறந்து வம்சாவளியால் உரிமை பெற்றவளா என்பதை அறியும் கேள்வி அது. மண்டபம் முகாமில் இறங்கிய குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர்கள். கடவுச்சீட்டில் பிறந்த இடம் இருப்பதால் அதுவே பதிலாகிவிடும்.

நம் குழந்தை 2025 மார்ச் 14இல் பிறந்தவள் என்றால், 2026 மார்ச் 13க்குள் விண்ணப்பம் முறைப்படி போய்ச் சேர்ந்திருப்பது பாதுகாப்பு. பிறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, திருத்தம் ஏதுமிருந்தால் அதற்கான காலம் எல்லாவற்றையும் கணக்கிட்டால், ஆறாம் மாதத்துக்குள் கோப்பைக் கொடுத்துவிடுவது நல்லது. சான்றிதழில் தாயின் பெயரே தவறாகப் பதிவாகியிருந்தால், கடிதத்தில் விளக்கம் எழுதிக் கடக்கப் பார்க்கக் கூடாது. பெயரின் வரிசையைக் கடிதம் விளக்கலாம். பிழையான பெயரைப் பதிவேட்டிலேயே திருத்த வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகக்கூடும்.

ஓராண்டு தாண்டிவிட்டால் கதவு முழுதாக மூடிவிடுவதில்லை. இந்திய மத்திய அரசின் அனுமதியோடு பதிவு செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் முடிவு கண்டியில் எடுக்கப்படுவதில்லை. கோப்பு டெல்லிக்குப் போகும். அப்போது கடிதத்தின் வேலையும் மாறிவிடுகிறது. தாமதத்தின் காரணத்தைத் திகதிவாரியாக, ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். குழந்தை குறைமாதத்தில் பிறந்து நீண்ட நாள் சிகிச்சையில் இருந்ததென்றால் வைத்தியசாலையின் நோய் நிர்ணய அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழைத் திருத்தியதால் தாமதமென்றால் திருத்தத்துக்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டு. “விதி தெரியாமல் போய்விட்டது” என்பதுதான் உண்மையென்றால் அதையே நேராக எழுத வேண்டும். பொய்க் காரணம் சொன்னால், கோப்பிலுள்ள திகதிகளே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பதிவு முடிந்ததும் ஸ்தானிகராலயம் தரும் பிறப்புப் பதிவுச் சான்றிதழை வைத்துத்தான் குழந்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டு விண்ணப்பிக்க முடியும். அந்தக் கடவுச்சீட்டில் இலங்கை விசா எதுவும் இருக்காது என்பதால், கட்டுநாயக்காவுக்குப் போவதற்கு முன்பே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் குழந்தையின் நிலையைச் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும். விமான நிலையத்தில் கைக்குழந்தையோடு நின்றுகொண்டு இதைப் பேசித் தீர்க்க முடியாது.

பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய காலம் நீண்டது. இரண்டு நாடுகளின் உரிமையோடும் வளரும் பிள்ளை, 18 வயது நிறைந்து ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டின் பிரஜாவுரிமையைத் துறக்காவிட்டால், இந்தியக் குடியுரிமையை இழந்துவிடும் என்கிறது அதே சட்டத்தின் 4(1ஏ) பிரிவு. நம் கம்பளைக் குழந்தைக்கு அந்த ஆறு மாதம் 2043 மார்ச் நடுவில் தொடங்குகிறது. அநேகமாக உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் வயது அது. இந்தத் திகதியை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியவர்கள், இன்று கடிதத்தில் கையெழுத்திடும் இருவரும்தான்.