ஒரு பெட்டி, மூன்று கடிகாரம்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒரு சின்னக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமைப் பார்த்துக்கொள்வது கடைக்காரரின் தம்பி. மின்னஞ்சலைப் பார்ப்பது கணக்கு எழுதும் அக்கா. ஒரு வாடிக்கையாளருக்குக் கேட்டது மஞ்சள், வந்தது அரக்கு. அவர் இன்ஸ்டாகிராமில் தனிச்செய்தி அனுப்புகிறார். அதே புகாரை மின்னஞ்சலிலும் எழுதுகிறார். “மாத்தித் தர்றோம்மா” என்கிறார் தம்பி. “விற்ற சேலையைத் திரும்ப எடுப்பதில்லை” என்று அக்காவிடமிருந்து பதில் போகிறது. இருவர் மேலும் தப்பில்லை. ஒருவர் எழுதியது இன்னொருவர் கண்ணில் படவில்லை.

இதற்குத்தான் பொது இன்பாக்ஸ். சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்டெஸ்க், ஜோஹோ டெஸ்க், திறமூல மென்பொருளான சாட்வுட் போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன. மெட்டாவின் இலவச பிசினஸ் சூட்டிலும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செய்திகளும் கமென்ட்டுகளும் ஒரே இடத்தில் தெரியும். ஆனால் கடையின் மின்னஞ்சல் அதற்குள் வராது.

இணைப்பது பெரிய வேலை இல்லை. மின்னஞ்சலுக்கு, கடை முகவரிக்கு வருவதை மென்பொருள் தரும் முகவரிக்குத் திருப்பிவிட்டால் போதும். இன்ஸ்டாகிராம் கணக்கு தொழில்முறைக் கணக்காக இருக்க வேண்டும். அதோடு, வெளி மென்பொருள் செய்திகளைப் படிக்கலாம் என்ற அனுமதியையும் இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் கொடுத்திருக்க வேண்டும். பலர் இடறி விழுவது இந்த அனுமதியில்தான். இணைப்பு முடிந்ததாகத் திரையில் தெரியும். செய்தி மட்டும் ஒன்றுகூட வராது.

எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டதால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. மின்னஞ்சலுக்குக் கெடு கிடையாது. பத்து நாள் கழித்தும் பதில் போகும். தனிச்செய்திக்கு அப்படியில்லை. வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் வெளி மென்பொருள் வழியே பதில் அனுப்ப மெட்டா விடுகிறது. கடைகள் விளம்பரமாக அனுப்பிக் குவித்துவிடக் கூடாது என்பதற்கான வேலி இது. மனிதர் ஒருவரே எழுதும் பதில் என்று அடையாளமிட்டு அனுப்ப மென்பொருளில் வசதி இருந்தால், கெடு 7 நாளாக நீளும். கமென்ட் போட்டவருக்குத் தனியாகப் பதில் அனுப்பவும் 7 நாள்தான். அதுவும் ஒரே ஒரு செய்தி. அவர் மறுமொழி எழுதினால்தான் பேச்சைத் தொடரலாம்.

இப்போது நம் வாடிக்கையாளரின் தனிச்செய்தி சனிக்கிழமை மாலை 7 மணிக்கு வந்தது, ஞாயிறு கடை விடுமுறை என்று கொள்வோம். திங்கள் காலை 10 மணிக்கு அக்கா பெட்டியைத் திறக்கும்போது 39 மணி நேரம் போயிருக்கும். பதில் எழுதி அனுப்பினால், போகவில்லை என்று காட்டலாம். பலர் இதைக் கவனிக்காமல், பதில் சொல்லியாயிற்று என்று உரையாடலை முடித்துவிடுவார்கள். கைப்பேசியில் இன்ஸ்டாகிராமைத் திறந்து நேரடியாக எழுதலாம். ஆனால், எழுதியதைப் பொதுப்பெட்டியில் குறிப்பாகப் போட்டுவைக்க வேண்டும். ஆகவே பெட்டியை வந்த வரிசையில் திறக்காமல், கெடு நெருங்கும் வரிசையில் திறப்பதே நல்லது. தனிச்செய்தி முதலில், மின்னஞ்சல் பிறகு.

இன்னொரு சிக்கல், ஆள் அடையாளம். இன்ஸ்டாகிராம் ஒருவரின் மின்னஞ்சலையோ தொலைபேசி எண்ணையோ மென்பொருளுக்குத் தருவதில்லை. அதனால் ஒரே பெண்மணி பெட்டியில் இரண்டு ஆட்களாக நிற்பார். “உங்க ஆர்டர் எண் என்னம்மா?” என்று கேட்டு, அது மின்னஞ்சலில் உள்ளதோடு பொருந்தினால், இரு தொடர்புகளையும் கையால் ஒன்றாக்க வேண்டும். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக இணைத்துவிடக் கூடாது. ஒருவரின் முகவரி இன்னொருவருக்குப் போய்விடும். இணைத்த பிறகு ஒருவர் பொறுப்பில் விடலாம். “அரக்கு திரும்பி வந்ததும் மஞ்சள் அனுப்பணும்” என்று தம்பி எழுதும் உள்குறிப்பு அக்காவுக்குத் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியாது.

கமென்ட்டுகள் எல்லாவற்றையும் பெட்டிக்குள் விட்டால், இதயப் படங்களுக்கு நடுவே புகார் புதைந்துபோகும். கேள்வியும் புகாரும் மட்டும் உள்ளே வரும்படி வடிகட்டி வைக்கலாம். எழுதும் முன் அது கமென்ட்டா தனிச்செய்தியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் திரையில் ஒரே மாதிரி தெரியலாம். கமென்ட்டுக்கு எழுதும் பதிலில் வாடிக்கையாளரின் முகவரி இருந்தால் அதை ஊரே படிக்கும்.

கடைசியாக, சத்தமில்லாமல் அறுந்துபோகும் இணைப்பு. இணைத்தவர் கடவுச்சொல்லை மாற்றினாலோ, பக்கத்தின் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகினாலோ, கொடுத்த அனுமதி செத்துப்போகலாம். மின்னஞ்சல் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. “இன்னிக்கு இன்ஸ்டால கூட்டமே இல்லையே” என்று தோன்றும் நாளில், வேறொரு கைப்பேசியிலிருந்து கடைக்கு ஒரு தனிச்செய்தி அனுப்பிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் அது பெட்டிக்குள் வராவிட்டால், குறைந்தது கூட்டம் அல்ல.