விடுப்பு வேண்டும் மின்னஞ்சல்

காஞ்சிபுரத்துக் காந்தி சாலையில் பட்டு விற்பனை நிலையங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் ஆண்டுச் சுழற்சியைத் தீர்மானிப்பவை பண்டிகைகளும் முகூர்த்த நாள்களுமே. புரட்டாசியிலும் மார்கழியிலும் திருமணங்கள் அரிது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மிகுதி. ஐப்பசியில் தீபாவளியும் சேர்ந்துகொள்ள, விற்பனை உச்சத்தை எட்டுகிறது. கல்லூரிகளின் பருவத் தேர்வோ பெரும்பாலும் நவம்பரில் தொடங்குகிறது. ஆகவே, பகலில் பயின்று மாலையில் கடையில் பணிபுரியும் மாணவருக்குப் படிப்பின் நெருக்கடியும் பணியின் நெருக்கடியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன.

அத்தகைய மாணவர் ஒருவர் தம் நிறுவன மேலாளருக்குத் தேர்வு விடுப்பும் வேலைநேர மாற்றமும் வேண்டி எழுதும் மின்னஞ்சல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

உரிமையும் வேண்டுகோளும்

எழுதத் தொடங்குமுன் மாணவர் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். தாம் கேட்பவற்றுள் சட்டம் தருவது எது, மேலாளரின் இசைவால் மட்டுமே கிடைக்கக்கூடியது எது என்பதே அது.

தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி, பணியாளர் ஒருவர் ஓராண்டில் பன்னிரண்டு நாள் வரை ஊதியத்துடன் கூடிய தற்செயல் விடுப்பைத் தக்க காரணம் காட்டிப் பெறலாம். உடல்நலக் குறைவுக்கான பன்னிரண்டு நாள் விடுப்பு இதனின் வேறானது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் உண்டு. நாள்தோறும் எட்டு மணி நேரம் என்பது இயல்பான வேலைநேர வரம்பு.

ஆனால், ‘தேர்வு விடுப்பு’ என்னும் பெயரில் தனி விடுப்பு எதுவும் இச்சட்டத்தில் இல்லை. வேலைநேரத்தை மாற்றித் தருமாறு வலியுறுத்தும் உரிமையும் இல்லை. எனவே, மாணவர் தேர்வுக்காகக் கேட்கும் விடுப்பைத் தம் கணக்கில் எஞ்சியுள்ள தற்செயல் விடுப்பிலிருந்து கேட்பதே பொருத்தம். நேர மாற்றத்தை வேண்டுகோளாகவே முன்வைத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராதவரின் மடல், கெஞ்சலாகவோ கட்டளையாகவோ மாறிவிடும்.

குறையுள்ள மடல்

பின்வரும் மடலைக் காண்க.

“ஐயா, எனக்குத் தேர்வு வருகிறது. அடுத்த மாதம் சில நாள்கள் விடுப்பு வேண்டும். வேலை நேரத்தையும் கொஞ்சம் மாற்றித் தரவும். மிகவும் அவசரம்.”

இதில் மரியாதைக் குறைவான சொல் எதுவும் இல்லை. எனினும் இம்மடலால் பயன் விளையாது. எந்த நாள்கள், எத்தனை நாள்கள், எந்த நேரத்திலிருந்து எந்த நேரத்திற்கு மாற்றம் என்னும் வினாக்களுக்கு இதில் விடையில்லை. பணிமுறைப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் மேலாளர் இதனைப் படித்தபின் எந்தக் கட்டத்தையும் திருத்த இயலாது. அவர் மாணவரை அழைத்துக் கேட்க வேண்டும். கூட்டம் மிகுந்த நாளில் அதற்கு நேரமிராது. மடல் விடையின்றிக் கிடக்கும். மாணவர் அதனை மறுப்பு என்று எண்ணிக்கொள்வார்.

நாள்களைக் கணக்கிடுதல்

நல்ல மடலுக்கு முன் ஒரு கணக்கு தேவைப்படுகிறது. 2024-ஆம் ஆண்டின் நாள்காட்டியைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை.

மாணவர் பில் போடும் பிரிவில் பிற்பகல் 3 முதல் இரவு 9 மணி வரை பணிபுரிகிறார். அவருக்குச் செவ்வாய்க்கிழமை வார ஓய்வு. தேர்வுகள் நவம்பர் 11, 13, 15, 19, 22 ஆகிய நாள்களில் காலை 10 முதல் பிற்பகல் 1 மணி வரை நடைபெறுகின்றன எனக் கொள்வோம்.

ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தைய நாள் படிப்பதற்கு வேண்டும். அவ்வாறு பார்த்தால் 10, 12, 14, 18, 21 என ஐந்து நாள்கள் வருகின்றன. இவற்றுள் 12 செவ்வாய்க்கிழமை. அன்று எப்படியும் ஓய்வு. 10 ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் மிகும் நாள். அன்று முழு விடுப்புக் கேட்பதைவிட, காலை 9.30 முதல் பிற்பகல் 1.30 வரை பணிபுரிந்துவிட்டு மாலையைப் படிப்பிற்கு ஒதுக்கலாம். ஆகவே, முழு விடுப்பு 14, 18, 21 ஆகிய மூன்று நாள்களுக்கே தேவை. மூன்றும் வார நாள்கள்.

தேர்வு நாள்களில், உண்டு இளைப்பாறி வருவதற்காக ஒரு மணி நேரம் தாழ்த்தி, மாலை 4 மணிக்குப் பணிக்கு வரலாம். 19 செவ்வாய்க்கிழமை ஆதலால், இம்மாற்றம் நான்கு நாள்களுக்கே. இதனால் குறைவது நான்கு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை குறைவது இரண்டு மணி நேரம். மொத்தம் ஆறு மணி நேரம்.

இந்த ஆறு மணி நேரத்தை மாணவர் எப்போது ஈடுசெய்வார்? தீபாவளிக்கு முந்தைய விடுமுறை நாள்களான அக்டோபர் 20, 26, 27 ஆகியவற்றில் 3 மணிக்கு மாற்றாக 1 மணிக்கே வந்தால் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கூடுகிறது. கணக்கு நேராகிறது. எட்டு மணி நேர வரம்பும் மீறப்படவில்லை. கடைக்கு ஆள் மிகத் தேவைப்படும் நாள்களில் நேரத்தைக் கொடுத்து, கூட்டம் சற்றுக் குறையும் நாள்களில் நேரத்தைப் பெறுகிறார். மேலாளர் இசைவதற்கு இதுவே வலுவான காரணம்.

அமைந்த மடல்

பெறுநர்: மேலாளர், க.ங.ச. பட்டு மாளிகை, காந்தி சாலை, காஞ்சிபுரம்
பொருள்: தேர்வு விடுப்பு (நவம்பர் 14, 18, 21) மற்றும் வேலைநேர மாற்றம் – அ.ஆ.இ., பில் பிரிவு
இணைப்பு: Exam_Timetable_Nov2024.pdf
நாள்: 07.10.2024

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நான் தங்கள் நிறுவனத்தின் பில் பிரிவில் மாலை முறையில் பணிபுரிந்து வருகிறேன். இளநிலை வணிகவியல் இரண்டாம் ஆண்டுப் பருவத் தேர்வுகள் நவம்பர் 11 முதல் 22 வரை நடைபெற உள்ளன. அதன் பொருட்டுப் பின்வருவனவற்றை வேண்டுகிறேன்.

1. நவம்பர் 14, 18, 21 ஆகிய மூன்று நாள்களுக்குத் தற்செயல் விடுப்பு. இவ்வாண்டு என் கணக்கில் ஐந்து நாள்கள் எஞ்சியுள்ளன.
2. நவம்பர் 10, ஞாயிறு அன்று காலை 9.30 முதல் பிற்பகல் 1.30 வரை பணி.
3. நவம்பர் 11, 13, 15, 22 ஆகிய நாள்களில் மாலை 4 முதல் இரவு 9 வரை பணி.

இம்மாற்றங்களால் குறையும் ஆறு மணி நேரத்தை ஈடுசெய்ய, அக்டோபர் 20, 26, 27 ஆகிய நாள்களில் பிற்பகல் 1 மணிக்கே பணிக்கு வருகிறேன். நான் விடுப்பில் இருக்கும் நாள்களில் என் பணியைக் கவனித்துக்கொள்ள உடன் பணிபுரிபவர் ஒருவர் இசைந்துள்ளார்.

அக்டோபர் 20-இலேயே கூடுதல் நேரப் பணி தொடங்க வேண்டியிருப்பதால், 14-ஆம் நாளுக்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இந்நாள்களில் எதுவும் கடைக்கு இடையூறாயின், மாற்று நாளைத் தாங்கள் குறிப்பிட்டால் இயன்றவரை ஏற்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அ.ஆ.இ.
பில் பிரிவு, மாலை முறை

மடலின் நுட்பங்கள்

பொருள் வரியில் நாள்களும் பெயரும் பிரிவும் இடம்பெற்றுள்ளன. மேலாளர் கைப்பேசியில் மடலைத் திறவாமலே செய்தியை அறியலாம். பின்னாளில் தேடியும் எடுக்கலாம். ‘வேண்டுகோள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இவ்விரண்டும் இயலா.

இணைப்பின் பெயரும் கருதத்தக்கது. கைப்பேசியில் எடுத்த படத்தை எண்கள் நிறைந்த பெயருடன் அப்படியே அனுப்பினால், அது என்னவென்று பெறுபவர் திறந்துதான் அறிய வேண்டும். இணைப்பைக் குறிப்பிட்டுவிட்டு அதனைச் சேர்க்காமல் அனுப்புவது அடிக்கடி நேரும் பிழை. ஆதலால் இணைப்பை முதலில் சேர்த்து, மடலை அடுத்து எழுதி, பெறுநர் முகவரியை இறுதியில் இடுவது நன்று. முகவரி இல்லாத மடல் தவறுதலாகவும் அனுப்பப்படாது.

உடன் பணிபுரிபவரின் இசைவை மடலுக்கு முன்பே பெற்றிருத்தல் வேண்டும். கேளாமல் எழுதி, மேலாளர் வினவும்போது அவர் மறுத்தால், மடலின் பிற செய்திகள் மீதும் ஐயம் எழும்.

காலமும் முக்கியமானது. தேர்வுக்கு ஐந்து வாரங்களுக்கு முன்பே மடல் அனுப்பப்பட்டுள்ளது. தீபாவளிக்கான பணிமுறைப் பட்டியல் முடிவான பின் இதே மடல் சென்றிருந்தால், ஈடுசெய்யும் நாள்கள் கடந்திருக்கும். வேண்டுகோள் மட்டுமே எஞ்சியிருக்கும்.

விடை வந்த பின்

மேலாளர் பின்வருமாறு விடையளிக்கிறார் எனக் கொள்வோம்: “நவம்பர் 21 அன்று கூட்டம் இருக்கும். 3 முதல் 6 வரையேனும் வரவும். மற்றவை சரி.” இது மறுப்பன்று, மாற்று ஏற்பாடு. மாணவர் மீண்டும் கணக்கிட வேண்டும். விடுப்பு இரண்டு நாளாகக் குறைகிறது. 21 அன்று மூன்று மணி நேரம் புதிதாகக் குறைகிறது. அதனைத் தேர்வு முடிந்தபின் நவம்பர் 23 அன்று இரண்டு மணி நேரமும் 24 அன்று ஒரு மணி நேரமும் முன்னதாக வந்து ஈடுசெய்யலாம். ஒரே நாளில் மூன்று மணி நேரத்தையும் சேர்த்தால் எட்டு மணி நேர வரம்பு கடந்துவிடும்.

இம்முடிவை அதே மடலுக்கு விடையாக எழுதி அனுப்புதல் வேண்டும்: “தாங்கள் கூறியவாறு 21 அன்று 3 முதல் 6 வரை வருகிறேன். குறையும் மூன்று மணி நேரத்தை நவம்பர் 23, 24 ஆகிய நாள்களில் ஈடுசெய்கிறேன். விடுப்பு 14, 18 ஆகிய இரு நாள்கள் மட்டுமே.”

சிறிய கடைகளில் மேலாளர் மின்னஞ்சலை நாள்தோறும் பார்ப்பதில்லை. அங்கே மாணவர் நேரில் சொல்லி, “விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பியுள்ளேன்” என்று தெரிவிப்பதே முறை. வாய்ச்சொல்லால் இசைவு கிடைத்தாலும், அதனைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதி அனுப்பிவிட வேண்டும். மாத இறுதியில் ஊதியக் கணக்கைப் பார்ப்பவர் வேறொருவராக இருக்கலாம். 14-ஆம் நாள் விடுப்பா, சொல்லாமல் வாராமையா என்னும் வினா எழும்போது, அந்த இரண்டு வரியே மாணவரின் ஒரு நாள் ஊதியத்தைக் காக்கும்.