நூறு அலகுக்குள் ஓர் அணி

கிரிக்கெற் விளையாட்டை வெளியிலே ஆடுவோர் ஒரு சாரார். தாளிலே ஆடுவோர் இன்னொரு சாரார். வவுணதீவிலே வெள்ளாண்மை வெட்டி முடிந்த வயல்களில் முன்னவரைக் காணலாம். அந்தி சாய்ந்தபின் அதே இளைஞர் ஒரு கொப்பியைச் சுற்றி அமர்ந்து, மறுநாள் எங்கோ நடைபெறவிருக்கும் ஆட்டத்துக்குத் தத்தம் அணியைத் தெரிந்து எழுதுவர். வலையிறவுப் பாலங்கடந்து பட்டினத்துக் கல்லூரிக்கு வரும் மாணவரிடையேயும் இவ்வழக்கம் உண்டு. கற்பனை அணிப் போட்டி என்று நாம் இதனைக் குறிப்போம். 1980 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே பேஸ்போல் அன்பர் சிலர் நண்பருக்குள் தொடங்கிய ஒரு பொழுதுபோக்கே இன்று இவ்வளவு தூரம் பரவியுள்ளது. பணம் கட்டி ஆடும் வகையை இந்தியா 2025 ஆம் ஆண்டில் சட்டத்தால் தடுத்துவிட்டது. நாம் பேசப்புகுவது பணம் வையாது நண்பர் தமக்குள் நடத்தும் போட்டி ஒன்றையே.

அதன் விதிகள் எளியவை. மெய்யாகவே ஆடும் இரு அணியினரான 22 பேரிலிருந்து 11 பேரைத் தெரிதல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை உண்டு. செலவிடத்தக்கது மொத்தம் 100 அலகு. விக்கெற் காப்பாளர் ஒருவர், துடுப்பாட்டக்காரர் குறைந்தது நால்வர், பந்துவீச்சாளர் குறைந்தது மூவர் இருத்தல் வேண்டும். ஓர் அணியிலிருந்து எழுவர்க்கு மேல் எடுத்தலாகாது. தெரியப்பட்டவர் மெய்யான ஆட்டத்தில் எடுக்கும் ஓட்டம் ஒன்றுக்கு 1 புள்ளி, விக்கெற்றுக்கு 25, பிடிக்கு 8, காப்பாளர் செய்யும் ஸ்ரம்பிங்குக்கு 12. விதிகள் ஊருக்கூர் சிறிது வேறுபடும். நாம் இவற்றையே கொள்வோம்.

இனி, எவரைத் தெரிவது? பெரும்பாலோர் சராசரியைப் பார்த்துத் தெரிகின்றனர். சராசரி நல்ல துணையே. ஆயின் அது எதனைச் சொல்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். எடுத்த ஓட்டங்களை, ஆடிய தடவைகளால் அன்றி, ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்துப் பெறுவதே துடுப்பாட்டச் சராசரி. நமக்குப் புள்ளி தருவதோ ஓர் ஆட்டத்தில் எடுக்கும் ஓட்டம். இவ்விரண்டும் ஒன்றல்ல.

இதனை விளக்க, நம் நாட்டார் எவரும் மறவாத 1996 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். மார்ச் 17 ஆம் நாள் லாகூரில் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் இறுதியாட்டத்திற் சந்தித்தன. அதற்கு முந்திய இரவு நாம் அணி தெரிய அமர்ந்ததாக எண்ணுவோம். அர்ஜுன ரணதுங்க அதுவரை 5 ஆட்டங்களில் 194 ஓட்டங்கள் எடுத்திருந்தார். இருமுறையே ஆட்டமிழந்தமையால் அவர் சராசரி 97. அசங்க குருசிங்க அதே 5 ஆட்டங்களில் 87, 25, 84, 45, 1 என 242 ஓட்டங்கள் எடுத்து ஐந்து முறையும் ஆட்டமிழந்தார்; அவர் சராசரி 48.4. சராசரியை மட்டும் நோக்கின் ரணதுங்க இருமடங்கு மேலானவர்போலத் தோன்றுவார். ஆட்டம் ஒன்றுக்கு வந்த ஓட்டத்தை நோக்கினாலோ ரணதுங்கவுக்கு 38.8, குருசிங்கவுக்கு 48.4. ரணதுங்க ஐந்தாமவராக வந்து வெற்றி வரும்வரை நின்று முடிப்பவர். அது அணிக்குப் பேருதவி, நம் கொப்பிக்கு அன்று. குருசிங்க மூன்றாமவர், அவருக்குக் கிடைக்கும் பந்துகள் அதிகம். ஆகவே ஆட்டமிழவாமை மிகுந்த ஒருவரின் சராசரியைக் கண்டால், ஓட்டத்தை ஆட்டத் தொகையால் மறுபடி வகுத்துப் பார்த்தல் வேண்டும்.

பந்துவீச்சாளரின் சராசரியையும் இவ்வாறே நமக்கு வேண்டிய உருவுக்கு மாற்றலாம். அது ஒரு விக்கெற்றுக்கு அவர் கொடுத்த ஓட்டம். முத்தையா முரளிதரனின் ஒருநாள் ஆட்ட வாழ்வு முழுவதையும் நோக்கின், ஓவருக்குக் கொடுத்தது 3.93 ஓட்டம், சராசரி 23.08. பத்து ஓவரும் வீசினால் ஏறத்தாழ 39 ஓட்டம் கொடுப்பார். அதனை 23 ஆல் வகுக்க, ஆட்டத்துக்கு 1.7 விக்கெற், அதாவது 42 புள்ளியளவில் வரும். நல்ல துடுப்பாட்டக்காரர் ஒருவரிடம் எதிர்பார்ப்பதற்கு இது குறைந்ததன்று. ஆனால் அதே திறமுடையவர் ஐந்து ஓவர் மட்டும் வீசுவாராயின் பாதியே கிடைக்கும். பந்துவீச்சாளரைத் தெரியுமுன் கேட்கவேண்டிய முதல் வினா, இவர் எத்தனை ஓவர் வீசுவார் என்பதே.

இவ்வாறு, சராசரியோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது அவரவர் வகிக்கும் இடம். இதில் ஆறாம் ஏழாம் இடத்துத் துடுப்பாட்டக்காரரே பலரை ஏமாற்றுவர். ஹசான் திலகரத்னவும் ரொஷான் மஹாநாமவும் குறைந்தவரல்லர். கல்கத்தாவில் நடந்த அரையிறுதியில் களுவிதாரண 0, ஜயசூரிய 1, குருசிங்க 1 என முன்னவர் சரிந்தபோது, மஹாநாம 58 உம் திலகரத்ன 32 உம் எடுத்துக் கைகொடுத்தனர். ஆயின் அவருக்கு ஓட்டம் வருவது முன்னவர் வீழ்ந்தால்தான். நாம் முன்னவரையும் வாங்கிப் பின்னவரையும் வாங்கினால், ஒருவர் நமக்கு உதவும் நாளில் மற்றவர் உதவார்.

இனி விலைப்பட்டியல். நாம் வகுத்துக்கொண்டது இது. அரவிந்த டி சில்வா, சனத் ஜயசூரிய, மார்க் வோ, ஸ்டீவ் வோ, ஷேன் வோர்ன் ஆகிய ஐவருக்கும் தலைக்கு 12. களுவிதாரண, ஹீலி, திலகரத்ன, மஹாநாம, தர்மசேன, விக்கிரமசிங்க, ரைபல் ஆகிய எழுவருக்கும் 7. ஏனையோர் யாவர்க்கும் 9. பட்டியலைக் கண்டதும் பேர்பெற்ற ஐவரையும் வாங்க மனம் தாவும். ஐவருக்கு 60 போனால் மிஞ்சும் 40 இல் அறுவரை வாங்க இயலாது. மலிந்தவர் அறுவருக்கே 42 வேண்டும். நால்வரை வாங்கலாம், ஆனால் மிஞ்சும் 52 இல் 9 அலகினர் ஒருவரும் 7 அலகினர் அறுவருமே அமைவர். மூவரை வாங்கினாலோ 9 அலகினர் நால்வரும் 7 அலகினர் நால்வருமாக 100 உம் சரியாக முடிகிறது. நான்காவது பெரும்பெயரின் மெய்யான விலை 12 அன்று; நடுத்தரத்தார் மூவரை இழப்பதும் அவ்விலையிற் சேரும்.

இரு அணிகளை ஒப்பிடுவோம். இரண்டிலும் பொதுவாக அரவிந்த, மார்க் வோ, களுவிதாரண, தர்மசேன, ரைபல், விக்கிரமசிங்க ஆகிய அறுவர் உளர். களுவிதாரண அதுவரை 5 ஆட்டத்தில் 67 ஓட்டமே எடுத்தவர். எனினும் காப்பாளர் ஒருவர் கட்டாயம். இவர் தொடக்க ஆட்டக்காரர். இலங்கையின் சுழற்பந்து வீச்சாளர் நால்வருக்கும் பின்னால் நிற்பவர். ஆகவே 7 அலகுக்குத் தக்கவர். மற்ற ஐந்து இடங்களிலேதான் வேறுபாடு. பெயரை நோக்கிய அணி ஸ்டீவ் வோ, வோர்ன், ரணதுங்க, திலகரத்ன, மஹாநாம ஆகியோரை 47 அலகுக்கு வாங்குகிறது. இடத்தை நோக்கிய அணி ஜயசூரிய, குருசிங்க, மார்க் டெய்லர், ரிக்கி பொண்டிங், முரளிதரன் ஆகியோரை 48 அலகுக்கு வாங்குகிறது. பின்னைய ஐவரில் நால்வர் முதல் மூன்று இடத்துக்குள் ஆடுபவர். ஐந்தாமவர் பத்து ஓவரும் வீசுபவர். ஜயசூரிய அதற்கு மேலும் அரையிறுதியில் 12 ஓட்டம் கொடுத்து 3 விக்கெற் வீழ்த்தியிருந்தார்.

நடந்தது என்ன? ஸ்டீவ் வோ 13. வோர்ன் துடுப்பால் 2. பனி விழுந்து நனைந்த பந்தோடு 10 ஓவரில் 58 ஓட்டம் கொடுத்து விக்கெற் எதுவும் பெறவில்லை. ரணதுங்க ஆட்டமிழவாது 47. இலங்கை 3 விக்கெற்றுக்கு 245 எடுத்து வென்றமையால் திலகரத்னவும் மஹாநாமவும் துடுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. ஐவருக்குமாக 62 புள்ளி. மற்றைய ஐவரில் டெய்லர் 74, குருசிங்க 65, பொண்டிங் 45. முரளிதரன் ஒரு விக்கெற்றால் 25. ஜயசூரிய 9 ஓட்டத்தோடு ஓடி ஆட்டமிழந்தார். எனினும் ஒரு விக்கெற்றும் இரு பிடிகளும் சேர 50 புள்ளி பெற்றார். துடுப்பில் வென்ற ரணதுங்கவினும் துடுப்பில் தோற்ற ஜயசூரிய நமக்கு மூன்று புள்ளி மிகுதியாகத் தந்தது காண்க. சகலதுறை ஆட்டக்காரருக்கு விலை கூட்டிக் கொடுப்பது இதன் பொருட்டே. ஐவருக்குமாக 259.

முடிவு தெரிந்தபின் அணி தெரிவது எளிது என்று நண்பர் சிலர் நகைக்கலாம். அதனாலேதான் ஆட்டத்துக்கு முன் அறியக்கூடியவற்றை மட்டும் காரணமாகக் காட்டினோம். அம்முறை தவறாததன்று. மார்க் வோ அதுவரை மூன்று சதங்களோடு 472 ஓட்டங்கள் குவித்திருந்தார். எந்தக் கணக்கும் அவரையே எடு என்று சொல்லும். அவர் எடுத்ததோ 12. விக்கிரமசிங்க 7 ஓவர் வீசி ஒன்றும் பெறவில்லை. மறுபுறம் அரவிந்த 107 ஓட்டமும் 3 விக்கெற்றும் 2 பிடியுமாக 198 புள்ளி தருவார் என்று எவர் கணித்திருப்பார்? அவர் அதுவரை எடுத்த 341 இல் 145 ஒரே ஆட்டத்தில், கென்யாவுக்கு எதிராக வந்தது. அதனை நீக்கின் மற்றைய நான்கில் ஆட்டத்துக்கு 49. ஐந்தாறு ஆட்டச் சராசரியை இவ்வாறு பெருந்தொகை ஒன்றை நீக்கியும் பார்த்தல் நன்று. அவ்வாறு பார்த்தும் நிலைப்பவரே அணித்தலைவராக, இருமடங்கு புள்ளிக்கு, வைக்கத்தக்கவர். அரவிந்த பந்தும் வீசுபவராதலால் அவ்விடத்துக்கு இருமுறை உரியவர்.

ஒரு தொடர் முழுவதற்கும் சேர்த்து அணி தெரிவதாயின், இவற்றிற்கு முன்னே ஆட்டத் தொகையை எண்ணுதல் வேண்டும். அதே 1996 இல், சனவரி 31 ஆம் நாள் கொழும்பு மத்திய வங்கியில் நிகழ்ந்த குண்டுவெடிப்பின் பின் அவுஸ்திரேலியரும் மேற்கிந்தியரும் கொழும்புக்கு வர மறுத்தனர். இலங்கைக்கு அவ்விரு ஆட்டங்களின் வெற்றியும் ஆடாமலே கிடைத்தது. ஆனால் குழுநிலையில் ஐந்து ஆட்டத்துக்கென இலங்கை வீரரை வாங்கி வைத்த ஒருவருக்கு மூன்று ஆட்டத்தின் புள்ளியே வந்திருக்கும். அரவிந்தவின் சராசரி எவ்வளவாயினும் அந்த இரு நாளிலும் அவர் பெயருக்கு நேரே கொப்பியில் விழுவது சுழியமே.