அடுத்த லட்சம் எங்கே?

ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி விளம்பரத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் தேடலில் போட்ட முதல் லட்சம் 6 லட்சத்துக்கு விற்றுத் தருகிறது. மொத்தத்தையும் அங்கேயே கொட்டத்தான் முதலாளிக்குத் தோன்றும். ஆனால் தேடுகிறவர்கள் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. இரண்டாவது லட்சம் கூடுதலாக 2 லட்சம்தான் விற்கும். லாபம் 30 சதவீதம் என்றால் வருவது 60,000, போட்டதே திரும்பவில்லை. அதை இன்ஸ்டாகிராமில் போட்டு 4 லட்சம் விற்றால் 1,20,000 வரும். செலவு போக 20,000 மிச்சம்.

இதிலும் ஒரு பொறி. நாளிதழில் விளம்பரம் பார்த்தவர் கடைப் பெயரைத் தேடி வந்தால், பெருமை கூகுளுக்கே போகும். ஓர் ஊரில் மட்டும் இரண்டு வாரம் நாளிதழ் விளம்பரத்தை நிறுத்தி, அதேபோன்ற இன்னோர் ஊரின் விற்பனையோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.