பிளாஸ்க்கில் படியும் காபிக் கறை

காபியில் உள்ள எண்ணெய்ப் பசையும் நிறம் தரும் பொருள்களும் எவர்சில்வர் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. வெறும் தண்ணீரில் அலசினால் இந்தப் படலம் போகாது. அடுத்த நாள் காபி அதன்மேல் இன்னொரு படலத்தைச் சேர்க்கும். நாளாக நாளாக அந்த எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்குவாடை அடிக்கத் தொடங்குகிறது. பால் கலந்த காபி என்றால் புளித்த நாற்றமும் சேரும்.

அரை லிட்டர் பிளாஸ்க்கில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைப் போட்டு, சுடுதண்ணீரை நிரப்பி, சில மணி நேரம் ஊறவிடுங்கள். சோடாவின் காரத்தன்மை எண்ணெய்ப் பசையை இளக்கும். பிறகு பாட்டில் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தாலே போதும். ஊறும்போது மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். மூடினால் உள்ளே வாயு அழுத்தம் கூடி, திறக்கும்போது சுடுதண்ணீர் சீறியடிக்கலாம்.

இவ்வளவு செய்தும் வாடை போகவில்லையா? மூடியின் ரப்பர் வளையத்தை முகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பால் தங்கியிருக்கும். அதைக் கழற்றி, தனியே சோடாத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். வெடித்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

பிளீச்சிங் திரவம் மட்டும் வேண்டாம். அதிலுள்ள குளோரின் எவர்சில்வரை அரித்துக் குழி விழச் செய்யும். கம்பி நாரும் கீறல் போடும். அந்தக் கீறல்களில் கறை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.