டீமில் வந்த சண்டையை இன்டர்வியூவில் எப்படிச் சொல்வது?

"கூட வேலை பார்த்தவரோடு உங்களுக்கு மோதல் வந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்." இன்டர்வியூவில் இப்படிக் கேட்டால் பலரும் பதறிப்போய், "எனக்கு யாரோடும் பிரச்சினையே வந்ததில்லை சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். நல்ல பெயர் வாங்கித்தரும் பதில் என்று நினைக்கிறார்கள். ஆனால் எதிரே இருப்பவருக்குக் குறித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. கேள்விக்கு மதிப்பெண் கிடையாது, அவ்வளவுதான்.

'நான் பொறுமைசாலி' என்று யாரும் சொல்லிவிடலாம். நடந்த சம்பவத்தைக் கேட்டால்தான் ஆள் எப்படி என்று தெரியும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்க விமானப்படைக்கு விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் பணியில் இருந்த உளவியலாளர் ஜான் ஃபிளனகன், இப்படிச் சம்பவங்களைச் சேகரித்து ஆராயும் முறையை 1954-ல் கட்டுரையாக எழுதினார். இன்றைய கேள்விகளுக்கு அது ஒரு முக்கிய வேர். பதில் சொல்ல 'ஸ்டார்' என்ற வரிசை பழக்கத்தில் இருக்கிறது: சூழ்நிலை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, கிடைத்த பலன். அமேசான் தன்னிடம் இன்டர்வியூவுக்கு வருபவர்களை இந்த வரிசையில் பதில் சொல்லும்படி வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறது.

வரிசை எளிதுதான். சறுக்குவது மூன்றாவது படியில். ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

ஒரு கடையின் மொபைல் ஆப். வெள்ளி இரவு ரிலீஸ், சனிக்கிழமை தள்ளுபடி விற்பனை. வியாழன் மாலை டெஸ்டர் ஒரு பக்கைக் கண்டுபிடிக்கிறார். நெட் மெதுவாக இருக்கும்போது பணம் கட்டும் பட்டனை இரண்டு முறை அழுத்தினால், பணம் இரண்டு முறை போகிறது. 'ரிலீஸை நிறுத்துங்கள்' என்கிறார் அவர். 'அடுத்த ரிலீஸில் பார்த்துக்கலாம்' என்கிறார் டெவலப்பர். குரூப் சாட்டில் எல்லோர் முன்னாலும் வாக்குவாதம்.

டெஸ்டர் இதை இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "அவர் பிடிவாதக்காரர். நான் மேனேஜரிடம் சொன்னேன். கடைசியில் நான் சொன்னதுதான் சரி என்றார்கள்." இதில் அவர் செய்தது புகார் மட்டும்தான். டெவலப்பர் ஏன் மறுத்தார் என்பதே கதையில் இல்லை. கேட்பவர் தேடுவதோ அதைத்தான்.

அதே சம்பவத்தை வேறு மாதிரியும் சொல்லலாம். சூழ்நிலைக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். பொறுப்புக்கு ஒரே வாக்கியம்: "பேமென்ட் பகுதியைச் சோதித்து ஒப்புதல் தருவது என் வேலை." அதன் பிறகு:

"சாட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் போனில் கூப்பிட்டேன். உங்களுக்கு எதில் தயக்கம் என்று கேட்டேன். முழுசாகச் சரிசெய்ய சர்வர் கோடை மாற்ற வேண்டும், ஒரே நாளில் மாற்றினால் வேறு ஏதாவது உடையும் என்றார். அது நியாயமான பயம். நான் நெட் வேகத்தைக் குறைத்து, பணம் இரண்டு முறை போவதை அவருக்கு ஸ்கிரீனில் காட்டினேன். முதல் முறை அழுத்தியதுமே பட்டன் செயலிழக்கும்படி இப்போதைக்குச் செய்யலாமா என்று கேட்டேன். ஆப்பை மூடித் திறந்தால் அது உதவாது என்று அவர்தான் சொன்னார். அதனால் சர்வர் சரியாகும்வரை தினமும் காலையில் பேமென்ட் பட்டியலைப் பார்த்து, இரட்டைப் பணத்தைத் திருப்பித் தருவது என்று முடிவு செய்தோம். மேனேஜரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொன்னோம்."

பலன்: ரிலீஸ் சொன்ன நாளில் போனது. இரண்டு பேருக்குப் பணம் இரட்டையாகப் போயிருந்தது. அன்றே திருப்பித் தந்தார்கள். அடுத்த வாரம் சர்வர் சரியானது. அதன்பின் பெரிய பக் வந்தால் முதலில் போன், பிறகுதான் சாட் என்று டீமில் பழக்கமானது. இந்த இரண்டு பேர் விஷயத்தை மறைக்கவே கூடாது என்பேன். எல்லாம் சுபம் என்று முடியும் கதையை யாரும் நம்ப மாட்டார்கள்.

முழுப் பதிலும் இரண்டு மூன்று நிமிடம். அதில் பாதிக்கு மேல் நீங்கள் செய்ததற்குப் போக வேண்டும். சேர்ந்து எடுத்த முடிவுக்கு 'நாங்கள்' சரி. மற்ற இடங்களில் 'நான்' வராவிட்டால், உங்கள் பங்கு எது என்று கேட்பவருக்குத் தெரியாது.

துணைக்கேள்விகள் நிச்சயம் வரும். "அவரைக் கேட்டால் இதையே சொல்வாரா?" "அவர் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்?" கட்டிய கதை இங்கேதான் உடைகிறது. இரண்டாவது கேள்விக்கு, இரு தரப்பு வாதங்களையும் எழுதி மேனேஜரிடம் முடிவுக்கு விட்டிருப்பேன் என்பது நேர்மையான பதில்.

எல்லா மோதலும் இதற்குப் பொருந்தாது. பாலியல் தொல்லை, சாதியைச் சொல்லி அவமதிப்பது போன்றவை கருத்து வேறுபாடே அல்ல. அவற்றில் சமரசக் கதை சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வேலை சம்பந்தப்பட்ட, இரு பக்கமும் காரணம் இருந்த சம்பவமாகப் பாருங்கள். கல்லூரியை இப்போதுதான் முடித்தவர்களுக்கு இறுதியாண்டு புராஜெக்ட் போதும். ரிவ்யூ நெருங்கும் நேரத்தில் தன் பகுதியை முடிக்காத நண்பரிடம், மற்றவர்களிடம் குறை சொல்வதற்கு முன் என்ன கேட்டீர்கள், வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள் என்று சொன்னாலே கேட்பவருக்கு எழுத நிறைய இருக்கும்.