ஒரு கரண்டிப் பொடிக்கு எத்தனை கிலோ கறி?

ஜிம்முக்குப் போகிறவர்கள் தினமும் கிரியேட்டின் பொடி 3 முதல் 5 கிராம் வரை எடுத்துக்கொள்கிறார்கள். “நான்தான் தினமும் கறி, மீன் சாப்பிடுகிறேனே, எனக்கு எதற்குப் பொடி?” என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. கிரியேட்டினை 1832-ல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் முதன்முதலில் பிரித்தெடுத்ததே இறைச்சிச் சாற்றிலிருந்துதான். ஆனால் அளவைப் பார்க்க வேண்டும்.

கடையில் விற்கும் மோனோஹைட்ரேட் பொடியில் தண்ணீரும் சேர்ந்தே இருக்கிறது. 5 கிராம் பொடியில் கிரியேட்டின் மட்டும் சுமார் 4.4 கிராம். பச்சை மாட்டிறைச்சியில் கிலோவுக்கு ஏறக்குறைய 4.5 கிராம் உண்டு. சால்மன் மீனிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. கோழியில் சற்றுக் குறைவு, காட் மீனில் 3 கிராம்தான். ஹெர்ரிங் மீனில் மட்டும் 6.5 கிராமுக்குக் குறையாது. ஆக, ஒரு கரண்டிப் பொடிக்கு ஈடு ஒரு கிலோ கறி, அதுவும் எலும்பில்லாமல்.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஒருவர் பங்குக்குக் கால் கிலோ ஆட்டுக்கறி வாங்கினால், எலும்பு போக 175 கிராம் சதை தேறும் என்று வையுங்கள். மாட்டிறைச்சியின் அளவையே இதற்கும் வைத்தால் 0.8 கிராம் கிரியேட்டின் வருகிறது. சமைக்கும்போது அதிலும் குறையும். கிரியேட்டின் தண்ணீரில் கரையக்கூடியது. கறி வேகும்போது சாற்றோடு வெளியேறிவிடும். குழம்பாக வைத்தால் சாறு சட்டியிலேயே தங்குகிறது. கறியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வறுப்பவர்கள் அதையும் சேர்த்தே கொட்டுகிறார்கள். நெடுநேரம் கொதித்தால் ஒரு பகுதி கிரியேட்டினினாக மாறிவிடும். தசைக்கு அதனால் பயனில்லை.

அப்படியானால் கறி சாப்பிடுவதில் பலனே இல்லையா? இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 120 கிராம் கிரியேட்டின் இருக்கும், பெரும்பகுதி தசையில். நாளொன்றுக்கு 2 கிராம் அளவுக்கு அது கழிகிறது. ஒரு கிராமை உடலே தயாரித்துக்கொள்கிறது, மீதியைக் கறியும் மீனும் தருகின்றன. அதாவது சாப்பாடு இழப்பை ஈடுகட்டுகிறது. தசையில் இன்னும் காலியாக உள்ள இடத்தை நிரப்பப் போதவில்லை. தினமும் 3 கிராம் பொடி சுமார் நான்கு வாரங்களில் அதை நிரப்பிவிடுகிறது. காய்கறியில் கிரியேட்டின் இல்லை என்றே சொல்லலாம், பாலிலும் மிகக் குறைவு. அதனால் சைவர்களின் தசையில் இருப்பு குறைவு. பொடி எடுத்தால் உயர்வு அவர்களுக்கே அதிகம்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமைத்த கறியில் உருவாகும் கிரியேட்டினின் ரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்துக்கு அளவைக் கூட்டிக் காட்டும். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் அதே கிரியேட்டினினை வைத்துத்தான். முந்தைய இரவு கறி விருந்து சாப்பிட்டிருந்தாலும், பொடி எடுத்துக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அவரைக் கேட்காமல் பொடியைத் தொடவே கூடாது.